மன ஆறுதலுக்கு எழுதித் தந்த மாத்திரை

என் தைராய்டு சுரப்பியில் எந்தக் கோளாறும் இல்லை. அப்படியிருந்தும் சில வாரங்கள் நான் தைராய்டு நோயாளியாக வாழ்ந்தேன். ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்தின் சீட்டு என் பையில் இருந்தது. அந்தச் சீட்டு வரைக்கும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு வைட்டமின் மாத்திரை. என் உடலுக்கு அது தேவை என்பதற்காக அதை எழுதித் தரவில்லை. என்னைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதற்காக எழுதித் தந்தார்கள். அதை எனக்குச் சொல்லவில்லை. மருத்துவர்கள் நோயாளியின் நிம்மதிக்காக இப்படி மாத்திரை கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதும், அதற்கு மருந்துப்போலி, பிளாசிபோ என்றெல்லாம் பெயர் இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாத்திரை பலித்ததா இல்லையா என்பதைவிட, அதைச் சுற்றி மறைக்கப்பட்ட விஷயம் அடுத்தடுத்த மருத்துவர்களை எப்படித் திசை திருப்பியது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அம்மா நீண்ட நாள் படுக்கையில் இருந்து இறந்துபோன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. நள்ளிரவில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு விழிப்பேன். பகலில் உடம்பில் சாரமே இருக்காது. இதய நோயோ என்ற பயத்தில்தான் மருத்துவரிடம் போனேன். அவரைக் குறை சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர் கடமைக்குப் பார்த்து அனுப்பவில்லை. நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். எல்லாம் பார்க்கச் சொன்னார். டி.எஸ்.எச். 2.1 என்று வந்தது. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு என்று சொல்வார்கள். மற்றவையும் சரியாகவே இருந்தன. அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நரம்புகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. இந்த மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டு வாருங்கள், நரம்புக்குப் பலம் வரும்" என்றார். அவர் கையில் இருந்த எந்தத் தாளிலும் நரம்பைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கவனிப்பது அரிது. காரணம் கிடைத்துவிட்டது என்பதே பெரிய விடுதலையாக இருந்தது.

மாத்திரை கேட்டது. இதை மறைத்தால் நான் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது. இரண்டு வாரத்துக்குள் படபடப்பு குறைந்தது, தூக்கம் சற்றுக் கூடியது. இதில் எவ்வளவு மாத்திரையின் பங்கு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. நாம் மருத்துவரிடம் ஓடுவது தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான். ஏறி இறங்கும் இயல்புள்ள எந்த உபாதையும் உச்சத்துக்குப் பிறகு சற்றுத் தணியத்தான் செய்யும். அந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெருமை அதற்கே போகும். இதய நோய் இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதும் பயம் விலகியிருக்கும். இவற்றுக்கு மேல் எதிர்பார்ப்பு என்பதும் உடலில் உண்மையாகவே வேலை செய்கிறது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் இதைப் பார்த்தார்கள். பிளாசிபோவால் வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனைச் செலுத்தியதும் வலி மறுபடி கூடியது. உடல் தன்னுடைய வலிநிவாரணியைத் தானே சுரந்திருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம். ஆகவே "எல்லாம் உன் கற்பனை" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குக் கிடைத்த நிம்மதி நிஜம். அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய்.

சில வாரங்கள் கழித்து அம்மாவின் பொருள்களை ஒழுங்குபடுத்தும் வேலை வந்தது. தூக்கம் மறுபடி போயிற்று. திரும்பவும் அதே மருத்துவரிடம் போனபோது, "அப்படியானால் இன்னும் வீரியமானதைத் தருகிறேன்" என்று வேறொரு மாத்திரை எழுதினார். யாராவது என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கும் இடம் இதுதான். ஒரு மாத்திரை எந்தக் குறையைச் சரிசெய்கிறது என்றே சொல்லப்படாமல், அதன் வீரியம் மட்டும் கூடிக்கொண்டே போனால் அங்கே நின்று கேட்க வேண்டும். "என் பரிசோதனை முடிவில் எந்த எண் தவறாக இருப்பதால் இதைத் தருகிறீர்கள்? இதைச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? எதைப் பார்த்து இதை நிறுத்துவோம்?" என்று சண்டைக்குப் போகாத குரலில் கேட்டால் போதும். உண்மையான மருந்துக்கு இவற்றில் குறைந்தது இரண்டுக்காவது நேரடியான பதில் இருக்கும். மன ஆறுதலுக்கான மாத்திரைக்கு "உடம்புக்கு நல்லது", "சாப்பிடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை" என்ற வகைப் பதில்தான் வரும். கெடுதல் இல்லை என்ற அந்தச் சொல்லை இப்போது கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

வீரியமான மாத்திரையும் கைகொடுக்காததால் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "தொடர்ந்து ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" நான் எல்லாரும் சொல்லும் பதிலைச் சொன்னேன்: "இல்லை டாக்டர், வெறும் வைட்டமின்தான்." அவர் தாளில் 'மருந்துகள்: இல்லை' என்று எழுதினார். படபடப்பு, தூக்கமின்மை, அசதி என்று கேட்டால் எந்த மருத்துவருக்கும் தைராய்டு நினைவுக்கு வரும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். காலைச் சாப்பாடு, மாத்திரை இரண்டும் முடிந்த கையோடு கொடுத்தேன். முடிவு வந்தபோது டி.எஸ்.எச். 0.02. ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் உச்ச வரம்பைத் தாண்டியிருந்தது. மருத்துவ மாணவர்கள் புத்தகத்தில் படிக்கும் தைராய்டு மிகைச் சுரப்பின் படம் இதுதான். என் அறிகுறிகளும் அதற்கு அச்சாகப் பொருந்தின. தைராய்டை அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம் என்றார். சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தை எழுதி, சிறப்பு மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்றார். அந்த மருந்து அபூர்வமாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதையும், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் அவரே எச்சரித்தார்.

அந்த வாரங்களை விவரிப்பது எனக்கு எளிதல்ல. தூக்கம் இல்லாத ஒருவருக்குப் புதிதாக ஒரு நோயைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. கண்ணாடியில் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். என் கண்கள் முன்பைவிடப் பிதுங்கியிருக்கின்றனவா என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டேன். ஏற்க இருந்த புதிய வேலையைத் தள்ளிப்போட்டேன்; அது பிறகு வேறொருவருக்குப் போயிற்று. கழுத்து ஸ்கேன், எதிர்ப்பொருள் பரிசோதனை, சிறப்பு மருத்துவர் கட்டணம் என்று என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் கரைந்தது. மருந்தை வாங்கிவிட்டேன். சிறப்பு மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்கலாம் என்று என் தங்கை பிடிவாதம் பிடித்ததால் பெட்டியைப் பிரிக்கவில்லை. அவள் அப்படிச் செய்ததற்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. சந்தேக புத்தி, அவ்வளவுதான். உண்மையான கிரேவ்ஸ் நோய் இருப்பவர் இப்படி மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து என்பதால் இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறப்பு மருத்துவர் முதலில் என் கைகளை நீட்டச் சொன்னார். நடுக்கம் இல்லை. உள்ளங்கை ஈரமாக இல்லை. எடை குறைந்ததா என்றார். ஒரு கிலோ கூடியிருந்தது. உட்கார்ந்த நிலையில் நாடித் துடிப்பு இயல்பாக இருந்தது. கழுத்தில் வீக்கம் தென்படவில்லை. "தாளில் இருக்கும் நோயாளியும் என் முன்னால் இருக்கும் நீங்களும் ஒரே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றார். பிறகு பழைய பரிசோதனை முடிவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். முதல் மருத்துவர் எடுத்த டி.எஸ்.எச். 2.1 தாளைக் காட்டினேன். அந்தத் தாள் என்னிடம் இருந்தது பெரிய புண்ணியம். சில மாதங்களுக்குள் 2.1 என்பது 0.02 ஆவது நடக்கக்கூடியதுதான், ஆனால் உடலில் அதன் அடையாளம் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்றார். அடுத்து, நான் வாயில் போடும் எல்லாவற்றையும் மேசை மேல் வைக்கச் சொன்னார். வைட்டமின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின், 10 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது சுமார் 30 மைக்ரோகிராம். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். "இதை நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே கருவியில் மறுபடி ரத்தம் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். டி.எஸ்.எச். 1.9. ஃப்ரீ டி4 இயல்பு.

பயோட்டின் என் சுரப்பியை ஒன்றும் செய்யவில்லை. பரிசோதனைக் குழாயில்தான் அது புகுந்துகொண்டது. பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்தில் உள்ள ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்கு, ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் பயோட்டினும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துகின்றன. அந்தப் புரதத்தை வரிசையாக உள்ள இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பயோட்டின் கோத்த மூலக்கூறுகள் வந்து அமர வேண்டிய இருக்கைகளில், நான் விழுங்கிய பயோட்டின் முன்னதாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. டி.எஸ்.எச். பரிசோதனையில், எவ்வளவு பிடிபடுகிறதோ அவ்வளவு அதிகமாகக் கருவி காட்டும். இடம் இல்லாததால் குறைவாகக் காட்டிவிடுகிறது. டி4 பரிசோதனையின் கணக்கு தலைகீழ். சமிக்ஞை குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆகவே ஒரே தவறு ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தி, அப்பட்டமான தைராய்டு மிகைச் சுரப்பை வரைந்து காட்டிவிடுகிறது. கிரேவ்ஸ் நோய்க்கான எதிர்ப்பொருள் பரிசோதனையும் சில கருவிகளில் இதே போல ஏமாறும். 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான ஆறு பேர் தினம் 10 மில்லிகிராம் பயோட்டினை ஒரு வாரம் சாப்பிட்டார்கள். சில கருவிகளில் அவர்களுக்கும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் இன்னும் கவலை தரும் செய்தி இருந்தது: மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும், அப்படி ஒருவர் இறந்ததாகவும் அறிக்கை வந்திருக்கிறது. பிறகு பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளைத் திருத்தியிருக்கின்றன. உங்கள் ஆய்வகம் எந்தக் கருவியை வைத்திருக்கிறது என்பதை நீங்கள் கேட்டால்தான் தெரியும். தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை. மிக உயர்ந்த அளவில் எடுப்பவர்களுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டியிருக்கும். முடி, நகம், தோலுக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளில் இது தாராளமாக இருக்கும்; நரம்புக்குச் சத்து என்று வருபவற்றிலும் இருக்கலாம். அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முதல் மருத்துவரிடம் திரும்பப் போனேன். கத்துவதற்குத்தான் போனேன் என்பதை ஒளிக்கவில்லை. அவர் வயதானவர், நான் தாள்களை வைத்ததும் வெகுநேரம் படித்தார். பயோட்டின் இப்படிச் செய்யும் என்பது தனக்குத் தெரியாது என்றார். "நரம்புத் தளர்ச்சி என்று எதைப் பார்த்துச் சொன்னீர்கள் டாக்டர்?" என்று கேட்டேன். "எதையும் பார்த்துச் சொல்லவில்லை அம்மா. உங்களுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, துக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? வெறும் கையோடு அனுப்பினால் வேறு யாரிடமாவது போவீர்கள், அவர் தூக்க மாத்திரை எழுதுவார். அதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிக் கொடுத்தால் மாத்திரை வேலை செய்யுமா?" என்றார். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி இன்னும் இருக்கிறது. துக்கம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். எனக்கு அது தேவையாகக்கூட இருந்திருக்கும். என்னால் தாங்க முடியாது என்று எனக்குப் பதிலாக அவர் தீர்மானித்ததுதான் உறுத்துகிறது.

இப்படிச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணக்கெடுப்பில், பதிலளித்த அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிளாசிபோவாக ஏதேனும் ஒன்றை வழக்கமாக எழுதித் தருவதாகச் சொன்னார்கள். அவர்களில் சர்க்கரை மாத்திரை கொடுப்பவர்கள் மிகச் சிலரே. சாதாரண வலி மாத்திரையும் வைட்டமினும்தான் அதிகம்; நூற்றுக்குப் பதின்மூன்று பேர் ஆன்டிபயாட்டிக்கும், அதே அளவினர் தூக்கமும் அமைதியும் தரும் மருந்துகளும் இப்படிக் கொடுத்திருந்தார்கள். நோயாளியிடம் என்ன சொல்வீர்கள் என்பதற்கு, பெரும்பாலோர் 'உங்கள் நிலைக்கு வழக்கமாகத் தரப்படாத, ஆனால் பலன் தரக்கூடிய மருந்து' என்பது போலச் சொல்வதாகப் பதிலளித்தார்கள். பிளாசிபோ என்றே சொல்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மாவு உருண்டையைக் கொடுத்திருந்தாலாவது என் ரத்தப் பரிசோதனை பிழைத்திருக்கும். பொருள் இருக்கும் மாத்திரையை, பொருள் இல்லாதது போல நினைத்துக் கொடுப்பதில்தான் வினை. வைட்டமின் பி12 ஊசியும் அப்படியே: குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் மனத் திருப்திக்குப் போட்டுவிட்டால், பிறகு எடுக்கும் பி12 அளவு உயர்ந்தே இருக்கும். உண்மையில் குறைபாடு இருந்ததா என்று அடுத்த மருத்துவரால் அதை வைத்துச் சொல்ல முடியாது.

மறைத்தால்தான் பலிக்கும் என்ற அவருடைய நம்பிக்கையை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2010இல் டெட் கப்சக் என்ற ஆய்வாளரின் குழுவினர், குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ள 80 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்து ஏதும் இல்லாத மாத்திரையை, இது மருந்தில்லாதது என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே நான்கு செய்திகளைச் சொன்னார்கள்: பிளாசிபோவின் பலன் வலுவானது, பழக்கத்தால் உடல் தானாகவே அதற்கு எதிர்வினை காட்டக்கூடும், நம்பிக்கையோடு சாப்பிட்டால் நல்லது, ஆனால் நம்பிக்கை கட்டாயமில்லை, தவறாமல் சாப்பிடுவது முக்கியம். மூன்று வாரம் கழித்து, போதுமான நிவாரணம் கிடைத்தது என்று சொன்னவர்கள் அந்தக் குழுவில் நூற்றுக்கு 59 பேர். மாத்திரை இல்லாமல் அதே கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர். இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன், பிறகு நிதானித்தேன். ஆய்வு சிறியது, மூன்று வாரம்தான். தங்களுக்கு மாத்திரை கிடைத்ததா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரியும். விளம்பரத்தைப் பார்த்து விரும்பி வந்தவர்கள் வேறு. இருந்தாலும், பொய் இல்லாவிட்டால் பலனே இல்லை என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இதற்கு எல்லை எங்கே என்பதை 2011இல் வந்த ஓர் ஆஸ்துமா ஆய்வு எனக்குப் புரியவைத்தது. மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர் மூன்றுமே மூச்சு எளிதானதாக நோயாளிகளை ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சொல்லவைத்தன. நுரையீரலின் ஊதும் திறனைக் கருவியால் அளந்தபோது, மருந்துள்ள இன்ஹேலர் மட்டும் சுமார் 20 சதவீதம் உயர்த்தியது. மற்றவை, ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களைப் போலவே, சுமார் 7 சதவீதம்தான். சுவாசக் குழாய் சுருங்கியே இருக்க, நன்றாக இருக்கிறேன் என்று ஒருவர் உணர்வது எவ்வளவு ஆபத்தானது! வலி, அசதி, குமட்டல், தூக்கம் என்று நாமே உணர்ந்து சொல்லும் தொல்லைகளில் பிளாசிபோவுக்கு வேலை இருக்கலாம். கருவியால் அளக்கும் நோயில் அதை நம்பி உட்காரக் கூடாது. உங்கள் தொல்லை இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளவே மருத்துவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை இதில் எனக்குப் பிடித்த நடுவழியைச் சொல்கிறது. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்தால்தான் பிளாசிபோ கொடுக்கலாம். ஆனால் எந்த மாத்திரை பிளாசிபோ என்று ஒவ்வொரு முறையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. வெவ்வேறு மருந்துகளை முயன்று பார்க்கும்போது அவற்றில் ஒன்று பிளாசிபோவாக இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி ஒப்புதல் வாங்கினால் போதும். தொல்லை தரும் நோயாளியைச் சமாளிக்க மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அது நோயாளியின் நலத்துக்கு மேலாக மருத்துவரின் வசதியை வைப்பதாகும் என்பது காரணம். இதைப் படித்த பிறகு, எந்தப் புது மருத்துவரிடம் போனாலும் நான் முதலிலேயே ஒரு பேச்சைப் பேசிவிடுகிறேன்: "மருந்து தேவையில்லை என்றால் தேவையில்லை என்றே சொல்லுங்கள். வெறும் கையோடு போவதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். மன ஆறுதலுக்கு ஏதாவது தருவதாக இருந்தால், அப்படித்தான் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாருங்கள்." சிலர் முகம் சுருங்குகிறது. பெரும்பாலோர் நிம்மதியாகச் சிரிக்கிறார்கள். சீட்டு எழுதித்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கும் பாரம்தான் போலிருக்கிறது. சாப்பிடும் எல்லாவற்றையும், வைட்டமின் உட்பட, மில்லிகிராம் அளவோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ரத்தம் எடுப்பவரிடமும் அதைக் காட்டுகிறேன். பழைய முடிவுகளைத் தூக்கிப்போடுவதில்லை. ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு, உங்கள் மாத்திரையும் பிளாசிபோவாக இருக்குமோ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மருந்து போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது அபாயம். எழுதியவரிடமே கேளுங்கள்.

சிறப்பு மருத்துவர் கடைசிச் சந்திப்பில், தூக்கத்துக்கு மருந்தே இல்லாத ஒரு பயிற்சியைச் சொல்லித்தந்தார்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் இருக்கும் நேரத்தை முதலில் குறைத்துப் பிறகு மெல்லக் கூட்டுவது. "பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாள் இன்னும் மோசமாக இருக்கும். துக்கம் குறைவதால் சரியாகிறதா, இதனால் சரியாகிறதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னபடியே முதல் வாரம் மோசமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சரியாயிற்று. அவரிடம் வைத்த ஒரே வேண்டுகோள் என் கோப்பைப் பற்றியது. இரண்டாவது மருத்துவரின் கோப்பில் 'கிரேவ்ஸ் நோய் எனச் சந்தேகம்' என்ற வரி அப்படியே கிடந்தால், நாளை அவசரத்தில் யாராவது அதை நம்பி மருந்து தருவார்கள். அவர் இரண்டு மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதினார்: முந்தைய முடிவு பயோட்டின் குறுக்கீட்டால் வந்தது, தைராய்டு இயல்பாக உள்ளது, பழைய குறிப்பைத் திருத்தவும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது மருத்துவர் குறிப்பைத் திருத்திவிட்டார். முதல் மருத்துவரின் கோப்பில் 'நரம்புத் தளர்ச்சி' என்று இருந்த இடத்தில் இப்போது 'துக்கத்தால் தூக்கமின்மை. வைட்டமின் பிளாசிபோவாகத் தரப்பட்டது' என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.